முதுகில் மஞ்சள், விரலில் சுண்ணாம்பு: இருட்டறை விளக்கு காட்டியது என்ன?

வாசகியின் கடிதம்

எனக்கு வயது 27. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பசை தடவும் பிரிவில் 4 வருடமாக வேலை செய்கிறேன். முதுகிலும் தோளிலும் செதில் செதிலாக மங்கலான தேமல் இருக்கிறது. 6 மாதமாக வலது கைவிரல் நுனிகளிலும் மணிக்கட்டிலும் வெள்ளைத் திட்டு வந்திருக்கிறது. வேலை முடிந்து அப்படியே போன ஒரு கிளினிக்கில், டாக்டர் அறையை இருட்டாக்கி ஊதா விளக்கு பிடித்துப் பார்த்தார். முதுகு மஞ்சளாகவும் விரல் சுண்ணாம்பு மாதிரியும் மின்னுவதாகச் சொன்னார். பயத்தில் 10 நாள் கழித்து வேலூரில் இன்னொரு கிளினிக்குப் போனேன். அன்றைக்குக் காலையில் குளித்து, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய களிம்பும் தடவியிருந்தேன். அங்கே அதே மாதிரி விளக்கில் முதுகில் மஞ்சளே இல்லை, நீலமாக ஏதோ தெரிந்தது. விரல் மட்டும் அதே வெள்ளை. எந்த டாக்டர் சொன்னது சரி? என் பாட்டி தொழுநோய்க்குக் கரிகிரியில் வைத்தியம் பார்த்தவர். எனக்கும் அதுவா? விளக்கை இன்னும் கொஞ்ச நேரம் காட்டினால் குணமாகுமா? ஆன்லைனில் அந்த விளக்கு கிடைக்கிறதே, வாங்கி வீட்டிலேயே பார்க்கலாமா? 2 மாதத்தில் எனக்கு நிச்சயதார்த்தம்.

— ஒரு வாசகி, வாணியம்பாடி அருகே

தோல் மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு டாக்டர்களும் தங்கள் கண்ணில் பட்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மாறியது விளக்கு அல்ல, உங்கள் தோல் அன்றைக்கு இருந்த நிலை. வேலை முடிந்து வியர்வையோடு, செதில் உதிராமல் போன முதுகு வேறு. குளித்துத் தேய்த்து, களிம்பு பூசிப் போன முதுகு வேறு. முதல் நாள் தெரிந்த மஞ்சளையே நீங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் தெரிந்த நீலத்தை நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விரலின் வெண்மை இரண்டு நாளும் ஒன்றாகவே இருந்தது என்பதுதான் உங்கள் கடிதத்தில் நான் மிகவும் கவனித்த செய்தி.

அந்த விளக்குக்கு வுட்ஸ் விளக்கு என்று பெயர். ராபர்ட் வில்லியம்ஸ் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1903-இல் உருவாக்கிய ஒரு கண்ணாடிதான் அதன் உயிர். நிக்கல் ஆக்சைடு கலந்த அந்தக் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிட்டு, 365 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாக் கதிரை மட்டும் வெளியே விடும். அந்தக் கதிரை நம் கண்ணால் பார்க்க முடியாது. அது ஒரு பொருளின் மேல் பட்டு, அந்தப் பொருள் அதை உள்வாங்கி, கண்ணுக்குத் தெரியும் வேறொரு நிறமாகத் திருப்பி அனுப்பினால்தான் நமக்கு ஒளி தெரிகிறது. வங்கியில் ரூபாய் நோட்டை ஒரு சிறு ஊதா விளக்கின் கீழ் நீட்டியதும் அதன் எண்கள் ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். நடப்பது அதேதான். ஆகவே விளக்கின் கீழ் ஒரு நிறம் தெரிந்தால், அந்த நிறத்தைத் தரக்கூடிய ஏதோ ஒரு பொருள் தோலின் மேலோ உள்ளேயோ இருக்கிறது என்று மட்டுமே பொருள். அந்தப் பொருள் கிருமியினுடையதா, தோலினுடையதா, துண்டிலிருந்து ஒட்டிய பஞ்சா என்று பிரித்தறிவது பார்ப்பவரின் பொறுப்பு.

முதுகின் மஞ்சள் எங்கே போனது?

தேமலை உண்டாக்குவது மலாசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. அது வெளியிலிருந்து வந்து தொற்றுவதல்ல. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் எல்லோருக்குமே குடியிருப்பதுதான். நம் வேலூர்க் கோடையில் வியர்வை காயாமல் சட்டைக்குள்ளேயே ஊறும்போது அது உருமாறிப் பெருகி, மேல்தோலில் மெல்லிய செதிலாகப் படர்கிறது. அது சுரக்கும் சில பொருள்கள் இந்த விளக்கில் மங்கிய மஞ்சளாகவோ, பச்சை கலந்த மஞ்சளாகவோ, சில நேரம் செம்பொன் நிறமாகவோ ஒளிர்கின்றன. அந்தப் பொருள்கள் இருப்பது உதிரும் தறுவாயில் இருக்கும் மேற்செதிலில். பீர்க்கங்காய் நாரால் முதுகைத் தேய்த்துக் குளித்தால் செதிலோடு ஒளியும் போய்விடுகிறது. பூஞ்சை மட்டும் அடியில் மிச்சமிருக்கும்.

எனவே "மஞ்சள் தெரியவில்லை, ஆகவே தேமல் இல்லை" என்று முடிவு கட்ட முடியாது. குளிக்காமல் வந்தவர்களிலும் கணிசமானோருக்குத் தேமல் ஒளிர்வதே இல்லை. மஞ்சள் தெரிந்தால் அது தேமலுக்கு நல்ல சான்று. தெரியாவிட்டால் செதிலைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். நகத்தாலோ கண்ணாடி ஸ்லைடின் விளிம்பாலோ திட்டை இலேசாக வழித்தால், இல்லாததுபோல் இருந்த இடத்திலும் தவிடு போல நுண்செதில் எழும். அதை ஸ்லைடில் வைத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, சிறிது நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், குட்டையான இழைகளும் அவற்றின் நடுவே கொத்துக் கொத்தாக உருண்டைகளும் தெரியும். சேமியாவும் ஜவ்வரிசியும் கலந்த பாயசம் போல இருக்கும் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. செலவு குறைந்த, அப்போதே முடிவு தெரியும் பரிசோதனை இது. அடுத்த முறை போகும்போது இதைச் செய்து பார்க்கும்படி நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

இனி அந்த நீலம். களிம்புகளின் அடிப்பொருளான வாசலினும், செதில் நீக்குவதற்காகச் சேர்க்கும் சாலிசிலிக் அமிலமும் இந்த விளக்கில் நீலமாக ஒளிரும். சோப்பின் மிச்சமும் ஒளிரும். வெள்ளைத் துண்டிலிருந்து ஒட்டிய நூல் துணுக்குகள், துணிக்குப் போடும் சோப்புத்தூளிலுள்ள வெண்மையூட்டிகளால், பளீரென்று நீலவெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது புது வேட்டி கட்டி வந்த ஒரு பெரியவரின் இடுப்பில் இப்படி வரிசையாக ஒளிர்ந்ததைப் பார்த்துப் பரபரப்பாக என் ஆசிரியரை அழைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் ஈரப்பஞ்சால் ஒரு முறை துடைத்தார். நோய் துடைத்தெறியப்பட்டது. உங்கள் முதுகிலும் அன்று ஒரு துடைப்பு போதுமானதாக இருந்திருக்கும்.

நீங்கள் தடவிய களிம்பின் பெயரை எழுதவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். முதலில் அரிப்பு அடங்குவதால் குணமாவதுபோல் தோன்றும். ஆனால் நாள்பட்ட ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கி, அதுவே நிறத்தை வெளுக்கவும் வைக்கும். பிறகு எது தேமல், எது களிம்பு வெளுத்த இடம் என்று எங்களாலேயே சொல்ல முடியாமல் போகும். அந்த டியூபை இப்போதே நிறுத்திவிட்டு, அதன் அட்டையோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தேமலுக்கு வைத்தியம் எளிது. கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பூவைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை நுரைக்கப் பூசி, 5 நிமிடம் ஊறவைத்து அலசுவது, அதைத் தொடர்ந்து சில நாள்கள் செய்வது என்பது வழக்கமான முறை. பரவலாக இருந்தால் மாத்திரையும் தேவைப்படலாம். அதை டாக்டர் எழுதித் தரட்டும். கீட்டோகொனசோல் மாத்திரையாக மட்டும் வேண்டாம், அது ஈரலைத் தாக்கக்கூடியது. பூஞ்சை சில வாரங்களில் போய்விட்டாலும் வெளிறிய நிறம் திரும்ப மாதக்கணக்காகும். உங்கள் நிச்சயதார்த்த நாளில் முதுகில் மங்கல் இருக்கலாம். மருந்து தோற்றுவிட்டது என்று அப்போது நினைத்து மறுபடி மறுபடி பூசாதீர்கள். அந்த நேரத்தில்தான் விளக்கு உண்மையிலேயே கைகொடுக்கும். முதல் நாள் மஞ்சளாக ஒளிர்ந்த திட்டு பிறகு ஒளிராமல், சுரண்டினால் செதிலும் எழாமல் இருந்தால், மிச்சமிருப்பது நோயின் தடம்தான், நோய் அல்ல.

விரலின் சுண்ணாம்பு வெண்மை

இது வேறு வகை ஒளி. இங்கே ஒளிர்வது கிருமி அல்ல, உங்கள் தோலேதான். நம் தோலின் மெலனின் இந்தக் கதிரைக் குடித்துவிடும். அதனால் இருட்டறையில் நல்ல தோல் கருநீலமாக அமுங்கித் தெரியும். மெலனின் அறவே இல்லாத இடத்தில் கதிர் தடையின்றி உள்தோல் வரை போய், அங்குள்ள கொலாஜன் நார்களில் பட்டு, நீலவெள்ளையாகத் திரும்பி வருகிறது. மெலனின் பாதி குறைந்த இடமானால் வெள்ளை மங்கலாக இருக்கும், ஓரமும் கலைந்து தெரியும். சுண்ணாம்பு அடித்த சுவரும் பழைய வேட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோல இந்த வேறுபாட்டைச் சொல்லலாம். நிறம் முழுதும் போன இடத்துக்கும் நிறம் மங்கிய இடத்துக்கும் உள்ள இந்தப் பிரிவினைதான் வெளிறிய திட்டுகளில் விளக்கு தரும் முக்கியமான தகவல். அதனால்தான் குழந்தைகளின் கன்னத்தில் வரும் வெளிறல் சுண்ணாம்பாக ஒளிர்வதில்லை.

ஓரம் கூர்மையாக, சுண்ணாம்பாக ஒளிர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது வெண்புள்ளி நோய். வெண்குஷ்டம் என்ற பழைய சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதற்கும் குஷ்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அது தொற்றவும் செய்யாது. ஆனால் "சுண்ணாம்பாக ஒளிர்ந்தது, ஆகவே வெண்புள்ளி" என்று உங்கள் விஷயத்தில் நான் அவசரப்படமாட்டேன். காரணம் நீங்கள் செய்யும் வேலை.

தோல் பொருள்களையும் ரப்பரையும் ஒட்டும் சில பசைகளின் பிசினில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற பொருள் இருப்பதுண்டு. நம் நிறச் செல்கள் டைரோசின் என்பதைக் கொண்டு மெலனின் செய்கின்றன. இந்தப் பீனால் அதன் சாயலில் இருப்பதால், செல் ஏமாந்து இதையும் எடுத்து வேலையைத் தொடங்கி, அதிலேயே நஞ்சுண்டு மடிகிறது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. உங்கள் பக்கத்து மேசைக்காரருக்கு 10 ஆண்டாக ஒன்றுமில்லாமல் இருக்கலாம். ஸ்டிக்கர் பொட்டின் பசையால் நெற்றி நடுவில் வட்டமாக வெளுப்பதும், ரப்பர் செருப்பின் வார் பட்ட இடம் அதே வடிவில் வெளுப்பதும் இதே வகை. எங்கள் ஊர்களில் இவற்றைப் பார்க்காத தோல் மருத்துவர் இருக்க முடியாது.

பசையால் வெளுத்த இடத்திலும் மெலனின் அறவே இல்லை, வெண்புள்ளியிலும் இல்லை. ஆகவே இரண்டும் விளக்கில் ஒரே சுண்ணாம்புதான். இதை விளக்கால் பிரிக்க முடியாது, கேள்விகளால்தான் பிரிக்க முடியும். பசையைத் தொடும் கையிலேயே முதலில் வந்ததா? வெளுக்கும் முன் அந்த இடம் அரித்ததா, சிவந்ததா? பெரிய திட்டின் சுற்றிலும் அரிசிப்பொரி இறைத்தாற்போலச் சிறு புள்ளிகள் உண்டா? உங்கள் வலது கை, அதுவும் விரல் நுனி, பசைத் தூரிகை பிடிக்கும் கை என்றால் சந்தேகம் பசையின் மேல் வலுக்கிறது. ஆனால் விரல் நுனி வெண்புள்ளிக்கும் பிடித்த இடம்தான். பசையால் தொடங்கியது பிறகு பசையே படாத இடங்களுக்குப் பரவுவதும் உண்டு. ஆகவே உதட்டோரம், கண்ணிமை, முழங்கை, முழங்கால், கால்விரல் ஆகிய இடங்களையும் அதே இருட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்கண்ணுக்கு இன்னும் தெரியாத தொடக்கத் திட்டு அங்கே இருந்தால் விளக்கு காட்டிவிடும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் முற்றிய திட்டு பகல் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடுவதால், விளக்கின் பயன் இந்தத் தேடலில்தான் அதிகம்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது பசையிலிருந்து விலகுவது. டாக்டரிடம் உங்கள் வேலையின் விவரத்தைச் சொல்லி, அது சீட்டில் பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். "கைவிரல் வெளுப்பு, பசைத் தொடர்பு சந்தேகம், பசை படாத பிரிவுக்கு மாற்றப் பரிந்துரை" என்று எழுதிய ஒரு சீட்டு, மேற்பார்வையாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்பதைவிட வலுவானது. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அந்த மருத்துவமனையிலும் இதையே பதிவு செய்யுங்கள். வேலையைவிட்டே நின்றுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பிரிவு மாற்றம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாதாரண ரப்பர் கையுறையை நம்பிப் பழைய இடத்திலேயே இருந்துவிட வேண்டாம். பசையின் கரைப்பான் அதை ஊடுருவும், சிலருக்கு ரப்பரில் சேர்க்கும் ரசாயனங்களே ஒவ்வாது. ஸ்டிக்கர் பொட்டையும் சில மாதம் விட்டுக் குங்குமத்துக்கு மாறுங்கள்.

மருந்தாக டாக்ரோலிமஸ் களிம்பு, குறுகிய காலத்துக்கு மட்டும் ஸ்டீராய்டு களிம்பு, 311 நானோமீட்டர் அலைநீளத்தில் வாரம் 2 அல்லது 3 முறை தரும் ஒளிச் சிகிச்சை ஆகியவை உண்டு. மணிக்கட்டில் நிறம் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது, விரல் நுனியில் குறைவு. புதிய நிறச் செல்கள் பெரும்பாலும் முடியின் வேரிலிருந்துதான் ஏறி வருகின்றன. விரல் நுனியில் முடியே இல்லை. மணிக்கட்டுத் திட்டில் உள்ள பூனைமுடி கறுப்பாக இருக்கிறதா, வெளுத்துவிட்டதா என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் வேரில் செல் இருக்கிறது.

நீங்கள் கேட்ட "கொஞ்ச நேரம் கூடக் காட்டினால்" என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஒளிச் சிகிச்சை வேறு கதிர், வேறு கருவி. வுட்ஸ் விளக்கு பார்ப்பதற்கு மட்டுமே. அதன் கதிர் பலவீனமானது, ஓரிரு நிமிடத்தில் உங்கள் தோல் சுடாது, குணமாகவும் செய்யாது. விளக்கையே உற்றுப் பார்க்காமல் இருந்தால் போதும்.

தொழுநோய் இந்த விளக்கில் தெரியாது

பாட்டியை நினைத்து உங்களுக்கு வந்த பயம் இயல்பானது. கரிகிரிக்கு அருகிலேயே வளர்ந்த நம் பக்கத்துக் குடும்பங்களில் அந்த நினைவு இல்லாத வீடு குறைவு. தொழுநோய்த் திட்டு பொதுவாக மங்கியோ சிவந்தோ செம்பு நிறத்திலோ இருக்கும். நிறம் அறவே அழிந்து சுண்ணாம்பாகாது. எனவே உங்கள் விரலின் சுண்ணாம்பு வெண்மை தொழுநோய்க்கு எதிரான சாட்சிதான். ஆனால் தொழுநோய்க்கென்று இந்த விளக்கில் தனி நிறம் கிடையாது. ஆகவே "விளக்கில் ஒன்றும் தெரியவில்லை" என்பதும் யாருக்கும் விடுதலைச் சான்றிதழ் ஆகாது. அதற்கு உணர்வைச் சோதிக்க வேண்டும்.

அது இப்படி நடக்கும். பஞ்சை மெல்லிய திரியாக உருட்டி, முதலில் நல்ல தோலில் தொட்டுக் காட்டுவார்கள். பிறகு நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திரி தொடும்போதெல்லாம் தொட்ட இடத்தை விரலால் சுட்ட வேண்டும். திட்டின் மேல் தொட்டதை மட்டும் திரும்பத் திரும்பத் தவறவிட்டால் அது முக்கியமான அறிகுறி. கூடவே முழங்கையின் உட்புறத்திலும் முழங்காலின் வெளிப்புறத்திலும் ஓடும் நரம்புகள் தடித்திருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பார்கள். முதுகுத் தேமலையும் சேர்த்து இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் மங்கிய திட்டு அங்கேதான் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்வார்கள். ஒருவேளை தொழுநோய் என்றே தெரிந்தாலும், கூட்டு மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதத்தில் முடிந்துவிடும்.

ஆன்லைன் டார்ச்

வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மலிவு விலை டார்ச்சுகளில் பெரும்பாலானவை 395 நானோமீட்டர் அளவில் எரிபவை. அவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமே நிறைய வழிகிறது. அது தோலில் பட்டுத் திரும்பும்போது எல்லாத் திட்டும் ஒரே ஊதாவாகிவிடும். மங்கிய மஞ்சள் அதில் அமுங்கிப்போகும், துண்டின் பஞ்சு மட்டும் பளிச்சிடும். முறையான விளக்கிலேயே, அறையில் கீற்று வெளிச்சம் இல்லாமல் அடைத்து, விளக்கை ஒரு நிமிடம் சூடேறவிட்டு, பார்ப்பவர் கண்ணை இருட்டுக்குப் பழக்கி, ஒரு சாண் தூரத்தில் பிடித்தால்தான் நிறம் நம்பத்தக்கதாக இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அக்குளிலோ தொடையிடுக்கிலோ படர்தாமரை என்று நினைத்து மாதக்கணக்கில் பூஞ்சைக் களிம்பு தடவுபவர்களில் சிலருக்கு விளக்கின் கீழ் அந்த இடம் பவழச் சிவப்பாக ஒளிரும். அது பூஞ்சையே அல்ல, எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று. அந்தச் சிவப்பைத் தரும் பொருள் தண்ணீரில் கரைவது. அவர்களும் உங்களைப் போலவே சுத்தமாகக் குளித்துவிட்டு வந்தால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. உடலில் வரும் உண்மையான படர்தாமரையோ இந்த விளக்கில் ஒளிர்வதே இல்லை.

ஆகவே அடுத்த முறை போகும்போது முந்தின நாள் மாலையிலிருந்து முதுகைத் தேய்க்காதீர்கள், எதையும் தடவாதீர்கள், பவுடரும் வேண்டாம். கறுப்பு நிறமோ அடர்நிறமோ உள்ள துணி உடுத்திப் போங்கள். வேலை முடிந்த மாலை நேரமே நல்லது. விரல்களை மட்டும் பசை போகக் கழுவிக்கொள்ளுங்கள், பசையும் ஒளிரக்கூடும். கிளினிக்கில் அனுமதித்தால் விரலையும் மணிக்கட்டையும் விளக்கின் கீழேயே, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, உங்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 3 மாதம் கழித்து அதே கிளினிக்கில், அதே தூரத்தில் இன்னொரு படம் எடுங்கள். பசையைவிட்ட பிறகும் வெள்ளையின் ஓரம் அளவுகோலில் நகர்ந்திருந்தாலோ, பசை படாத இடத்தில் புதிதாக ஒளிர்ந்தாலோ, வெண்புள்ளிக்கான முழுச் சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருக்கும். ஓரம் அங்கேயே நின்று, மணிக்கட்டு முடிகளைச் சுற்றிக் கடுகளவு கருமைப் புள்ளிகள் முளைத்திருந்தால், பிரிவு மாற்றமும் விரலுக்கு டாக்டர் எழுதித் தந்த களிம்பும் அப்படியே தொடரட்டும்.